வெப்சைட் ஒரு கிழமை பிந்தும் என்று கடைக்காரருக்கு எப்படி எழுதுவது?

"சுன்னாகத்தில ஒரு புடவைக்கடைக்கு வெப்சைட் செய்து குடுக்கிறன். வாற திங்கள் திறக்கிறது எண்டு சொன்னது, இப்ப அதுக்கடுத்த திங்கள்தான் சரிவரும் போல கிடக்கு. சாமான் விவரம் முழுக்கப் பாமினியில வந்தது, அதுவும் பிந்தித்தான் வந்தது. கார்ட்டில காசு கட்டுற கேட்வேக்காரர் கடைப் பேரும் பாங்க் எக்கவுண்ட் பேரும் வேற வேற எண்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். தீபாவளிக்கு மூண்டு கிழமைதான் இருக்கு. புதிய அட்டவணையோட சேர்த்து அனுப்ப ஒரு மெசேஜ் எழுத வேணும். அவரில பிழை பிடிக்கிற மாதிரியும் இருக்கக்கூடாது, நான் சாட்டுச் சொல்லுற மாதிரியும் இருக்கக்கூடாது. என்னெண்டு எழுதுறது?"

முதலில் போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள், மெசேஜ் அதற்குப் பிறகு போகட்டும். இப்படியொரு செய்தியை முதன்முதலாக எழுத்தில் பார்த்தால், நேரே சொல்லப் பயந்து எழுதியிருக்கிறான் என்றுதான் எந்தக் கடைக்காரரும் நினைப்பார். போனில் விளக்கம் எல்லாம் வேண்டாம். "அண்ணை, முழுசாத் திறக்க ஒரு கிழமை பிந்தும், ஆனா திங்கட்கிழமை சாறி எல்லாம் போடலாம், விவரம் எழுதி அனுப்புறன்" என்றால் போதும். சாறி எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். மெசேஜின் வேலை வேறு. அவர் அதை மகனுக்குக் காட்டுவார், வெளிநாட்டில் இருந்து இதற்குக் காசு போடும் தம்பி யாராவது இருந்தால் அவருக்கு அனுப்புவார். போனில் பேசியதைக் கேட்காத அந்த ஆளுக்கும் அது தனியே நின்று விளங்க வேண்டும். அப்படி இரண்டு முடிவெடுப்பவர்கள் இருந்தால் இருவருக்கும் ஒரே மெசேஜை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அதிலே சந்தேகம் பிடிப்பார்கள்.

மெசேஜில் என்ன எழுதுவது என்பதை விட, அதில் போடப்போகும் திகதி உண்மையா என்பதுதான் எனக்குக் கவலை. ஒரு தடவை பிந்தினால் கடைக்காரர் முகத்தைச் சுளித்துவிட்டு விட்டுவிடுவார். அடுத்த திங்களும் தவறினால், நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் அதற்குப் பிறகு உங்கள் சொல் எடுபடாது. "ஒரு கிழமை" என்பது கணக்குப் பார்த்து வந்ததா, வாயில் வந்ததா? எழுத முதல் அதைப் பார்ப்போம்.

பாமினி வேலையில் மாற்றியைக் கொண்டு யூனிகோடாக மாற்றுவது சில நிமிட விஷயம். நேரம் போவது அதற்குப் பிறகு வரும் வாசிப்பில். பாமினி ஆங்கிலச் சாவிகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத போனில் பட்டுப் புடவை என்பது `gl;Lg; Glit` என்றுதான் தெரியும். மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது பாமினித் தமிழ் என்று தெரியாது. ஆகவே அதே கோப்பில் ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் தமிழாக்கிவிடும். புடவைக்கடைப் பட்டியலில் இது அளவுகளில்தான் வந்து இடறும். சேட்டுக்கு எதிரே S, M, L, XL என்று இருந்தவை மாற்றிய பிறகு ளு, ஆ, டு, ஓடு என்று வந்து நிற்கும். விலைக்கு முன் இருந்த Rs "சுள" ஆகிவிடும். கேலியாக இருக்கும், ஆனால் ஒரு தாய் பிள்ளைக்குச் சட்டை எடுக்க வந்து அளவு என்ற இடத்தில் "ஓடு" என்று கண்டால் திரும்பி வரமாட்டார். இலக்கங்கள் மாறுவதில்லை, அதனால் விலைத் தொகைகள் தப்பிவிடும்.

மறுபக்கப் பிழையும் உண்டு. சில வரிகள் மாறாமல் பாமினியாகவே தங்கிவிடும். அவற்றைப் பிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. பாமினியில் புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவியைத்தான் அடிக்கிறோம், ஆகவே ஆங்கில எழுத்தை ஒட்டி அரைப்புள்ளி நிற்கும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது.

```
grep -nE '[A-Za-z];' products.csv
```

இது மாறாமல் விடுபட்ட வரிகளைக் காட்டும். "ஓடு" ஆகிப்போன XL ஐ இது காட்டாது, ஏனென்றால் அது இப்போது நல்ல தமிழ். அதற்குக் கண்தான் வேண்டும். ஒரு சாமானுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துப் பாருங்கள், நூறு சாமானுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதன் பிறகு கடைக்காரர் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டும், அவரோ பகலில் கடையில் நிற்பவர். அவருக்கு இரண்டு நாள் விடுங்கள். ஆக எழுத்து வேலை அடுத்த கிழமை நடுவில் முடியும். இது உங்கள் கையிலும் அவர் கையிலும் உள்ள வேலை, திகதி சொல்லலாம்.

கேட்வே அப்படியல்ல. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பினால் இரண்டு வழிகள்தான். கடை தனி ஒருவரின் வியாபாரம் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழில் உரிமையாளரின் பெயரும் இருக்கும். அந்தச் சான்றிதழைக் காட்டினால் உரிமையாளரின் சொந்தப் பெயரில் உள்ள கணக்கைச் சில இடங்களில் ஏற்பார்கள். ஏற்காவிட்டால் கடைப் பெயரில் புதுக் கணக்குத் திறக்க வேண்டும். முதல் வழி என்றால் நாளைக்கே ஆவணத்தை அனுப்பலாம். இரண்டாவது என்றால் அவர் வங்கிக்குப் போய், படிவம் நிரப்பி, கணக்கு உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். எந்த வழி என்று கேட்வேக்காரரிடம் இன்றைக்கே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அது தெரியாமல் எழுதும் திகதி வெறும் ஊகம்.

நாட்காட்டியையும் ஒருக்கால் பாருங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது, ஆகவே அதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமை முன் போயா விழும். அதாவது நீங்கள் கேட்கும் இந்த ஒரு கிழமைக்குள்ளேயே அது வருகிறது. அன்று வங்கியும் இல்லை, ஒப்பீஸும் இல்லை. சனி, ஞாயிறையும் கழித்தால் ஏழு நாள் என்று நினைத்தது நான்கு வேலை நாளாகச் சுருங்கிவிடும்.

அனுமதி வந்ததும் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். சோதனைக் கணக்கில் சரியாக ஓடியது உண்மைக் கணக்கில் ஓடும் என்று நம்பித் திறக்கக்கூடாது. உண்மையான கார்ட் ஒன்றால் ஒரு சின்னச் சாமானை வாங்கிப் பாருங்கள், அப்புறம் அந்தக் காசைத் திருப்பிப் பாருங்கள். அடிக்கடி நடப்பது இது: கார்ட்டில் காசு கழிந்திருக்கும், ஆனால் கடைப் பக்கத்தில் ஓடர் "பணம் வரவில்லை" என்றே நிற்கும். கேட்வே தகவல் அனுப்பும் முகவரி இன்னும் பழைய சோதனைத் தளத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். இதைக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

இந்தக் கணக்குப்படி, சாமான் எல்லாவற்றோடும் தளம் அடுத்த திங்கள் திறக்கும் என்று துணிந்து எழுதலாம். கார்ட் வசதியும் அன்றைக்கே வரும் என்று துணிந்து எழுத முடியாது, அது மூன்றாம் ஆளின் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே திகதியில் கட்டிவைத்துவிட்டால் கேட்வே பிந்தும்போது உங்கள் வெப்சைட்டும் சேர்ந்து பிந்தும். பிரித்து எழுதுங்கள்.

இனி, சொன்ன திங்கட்கிழமை என்ன செய்வது? அன்று ஒன்றுமே இல்லை என்றால்தான் அவருக்குக் கோபம் வரும். தீபாவளிக்குச் சாறி எடுப்பவர்கள் முன்கூட்டியே எடுப்பார்கள், ஏனென்றால் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும், தையற்காரரிடம் கடைசிக் கிழமையில் இடம் கிடைக்காது. சேட்டும் பிள்ளைகளின் சட்டையும் கடைசி நாள் வரை ஓடும். ஆகவே ஒரு கிழமை பிந்துவதால் கடைக்கு உண்மையில் நட்டம் வரக்கூடியது சாறியில்தான். நல்ல காலமாக, சாறிக்கு அளவு கிடையாது. S, M, L குழப்பம் அந்தப் பகுதியில் இல்லை, விவரமும் இரண்டு மூன்று வரிதான். வெள்ளி, சனியில் அதை மட்டும் வாசித்துத் திருத்தி, ஞாயிறு அவர் பார்த்துச் சரி சொன்னால் திங்கள் போட்டுவிடலாம். ஓடர் வட்ஸ்அப்பில் வரட்டும், காசு வங்கியில் போட்டு சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பட்டும், அல்லது சாமான் கைக்கு வந்ததும் கொடுக்கட்டும். நம்மவர்களுக்கு இது புதிதல்ல, பேஸ்புக்கில் உடுப்பு வாங்கும் பலரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கேட்வேக்காரர் பொதுவாக அனுமதி தர முதல் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள். நிபந்தனைகள், தனியுரிமை, பணம் திருப்பிக் கொடுக்கும் முறை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா, விலை போட்டிருக்கிறதா என்று தேடுவார்கள். சாறிப் பகுதி திறந்திருந்தால் அந்த வேலையும் அவர்களுக்கு முடியும். சிக்கல் ஒன்றுதான்: ஒரேயொரு சாறி மட்டும் உள்ள வடிவத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் வட்ஸ்அப்பில் கேட்பார்கள். விற்றவுடன் தளத்தில் "முடிந்தது" என்று மாற்ற கடையில் ஒரு ஆள் வேண்டும். அதையும் மெசேஜில் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு மெசேஜ் இப்படி வரலாம்:

"வணக்கம் அண்ணை,

போனில் சொன்னபடி, வெப்சைட் எல்லாச் சாமானோடும் திறப்பது வாற திங்கள் இல்லை, அதற்கடுத்த திங்கள். சொன்ன நாளில் முழுதாகத் தர முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். வாற திங்கள் சாறிப் பகுதியை மட்டும் படம், விலையோடு திறந்துவிடலாம். ஓடர் கடை வட்ஸ்அப்புக்கு வரும். தீபாவளிக்குப் பிளவுஸ் தைக்க வேண்டியவர்கள் இப்பவே சாறி எடுப்பார்கள் என்பதால் அதை முதலில் போடுவது நல்லது என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சரியா என்று சொல்லுங்கள்.

பிந்துவதற்குக் காரணம் இரண்டு. சாமான் விவரங்கள் பாமினி எழுத்தில் இருக்கின்றன. அப்படியே போட்டால் வாங்குபவரின் போனில் பட்டுப் புடவை என்பது gl;Lg; Glit என்று தெரியும். மாற்றும்போது சட்டை அளவுகளும் பிழையாக மாறுகின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மற்றது, கார்ட்டில் காசு எடுக்கும் நிறுவனம் கடைப் பதிவுப் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது.

உங்களால் மூன்று உதவி வேண்டும். கடைப் பதிவுச் சான்றிதழின் தெளிவான படம் ஒன்று நாளைக்கு அனுப்புங்கள். புதுக் கணக்குத் தேவைப்பட்டால் நாளைக்குப் பின்னேரம் சொல்வேன், அப்படியென்றால் திங்கள் காலையில் வங்கிக்குப் போக வேண்டி வரும், கிழமை நடுவில் போயா வருகிறது. சாறி விவரங்களைச் சனி இரவு அனுப்புகிறேன், ஞாயிறு பார்த்துச் சொல்லுங்கள். விற்ற சாறியை உடனே நீக்க, கடையில் ஒருவரைச் சொல்லிவிடுங்கள், எப்படி என்று நான் காட்டித் தருகிறேன்.

கார்ட் அனுமதி அடுத்த வெள்ளிக்குள் வந்தால் திங்கள் அதோடு திறப்போம். வராவிட்டால் திங்கள் கார்ட் இல்லாமல் திறந்து, அனுமதி வந்த பிறகு சோதித்துச் சேர்ப்போம். வெப்சைட் அதற்காக நிற்காது.

நோட்டீஸ், பேஸ்புக் விளம்பரம் ஏதாவது திகதி போட்டுக் கொடுத்திருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். புதிய அட்டவணை இத்துடன் இருக்கிறது."

நீளம் என்று தோன்றினால் இரண்டாவது பந்தியைக் குறைக்கலாம், முதலாவதைக் குறைக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் "மேலும் வாசிக்க" என்று மடங்குவதற்கு முன் கண்ணில் படுவது அதுதான். அவர் அறிய விரும்புவதும் எப்போது திறக்கும், திங்கட்கிழமை என்ன நடக்கும் என்பவைதான். பெரும்பாலானோர் காரணத்தில் தொடங்கித் திகதியைக் கடைசியில் ஒளித்து வைப்பார்கள். வாசிப்பவருக்கு அதிலேயே வயிற்றெரிச்சல் வந்துவிடும்.

காரணத்தை "சில தொழில்நுட்பக் காரணங்களால்" என்று மூடி எழுதாதீர்கள். கடைக்காரர் அதை யாருக்கும் திருப்பிச் சொல்ல முடியாது. மகன் "ஏன் பிந்துது?" என்று கேட்டால் அவர் வாயில் விடை இருக்க வேண்டும். அந்த `gl;Lg; Glit` என்ற ஒரு துண்டைக் காட்டினால் போதும், யூனிகோட் என்ற சொல்லையே எடுக்க வேண்டியதில்லை.

விவரம் பிந்தி வந்த கதை மெசேஜில் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை இணைக்கும் அட்டவணையில் வையுங்கள். "சாமான் விவரம் கைக்கு வர வேண்டிய திகதி, வந்த திகதி" என்று இரண்டு கட்டம், மற்ற வேலைகளுக்கும் அதே இரண்டு கட்டம். உங்கள் பக்கத்தில் பிந்திய வேலை எதுவும் இருந்தால் அதுவும் அங்கே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அட்டவணை குற்றப்பத்திரிகையாகிவிடும். நாளைக்குப் பேச்சு வந்தால் தாள் பேசும், நீங்கள் பேசத் தேவையில்லை. "நீங்கள் பிந்தித் தந்தபடியால்" என்று ஒரு வரி எழுதினாலோ, அவர் மற்ற ஒன்றையும் வாசிக்காமல் அந்த வரிக்குத்தான் பதில் எழுதுவார். பாமினி பற்றி எழுதும்போதும் "நீங்கள் பாமினியில் தந்தீர்கள்" என்று வேண்டாம், "பாமினியில் இருக்கின்றன" என்பதே போதும்.

வருத்தம் ஒரு தடவைதான், அதுவும் நாள் தவறியதற்கு மட்டும். பாமினிக்கும் கேட்வேக்கும் நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் அவை உங்கள் பிழை என்று ஆகிவிடும், அடுத்த பேச்சு விலைக்குறைப்பில் போய் நிற்கும். அவர் கேட்காமல் கழிவு தருவதாக எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. திங்கட்கிழமை சாறிப் பகுதி திறப்பது கழிவை விட அவருக்குப் பெரிது. மிச்சக் காசு பற்றியோ, எழுத்து மாற்றியதற்கு மேலதிகக் கட்டணம் பற்றியோ இதே மெசேஜில் ஒரு சொல்லும் வேண்டாம். மாற்றுவது உங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத வேலை என்றால் கேட்பது நியாயம்தான், ஆனால் தளம் முழுதாகத் திறந்த பிறகு நேரில் கேளுங்கள்.

அனுப்பிய பிறகு அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சனி இரவு சாறி விவரம் போகும்போது ஒரு வரி, போயாவுக்கு முதல் நாள் ஒரு வரி, வெள்ளி பின்னேரம் கார்ட் வந்ததா இல்லையா என்று ஒரு வரி. வெள்ளி அனுமதி வந்துவிட்டால் அன்றே உண்மைக் கார்ட்டால் சோதித்துப் பாருங்கள், அப்போதுதான் பிழை எதுவும் இருந்தால் சனிக்கிழமை ஒரு நாள் கையில் இருக்கும்.